வலக்கை என்று எழுதியதாலேயே விடை தவறாகிவிடாது: இயற்பியல் விடைத்தாள் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பிளஸ் டூ இயற்பியல் விடைத்தாள்களைத் திருத்தும் முதன்மைத் தேர்வாளர்களுக்கும் உதவித் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களைப் போலச் சிவப்பு மையோடு உட்காருகிறவன்தான். மின்னோட்டம் பாயும் கம்பியின் மீது காந்தப்புலம் செலுத்தும் விசையின் திசைக்கு நாம் மதிப்பெண் இடும் முறையைப் பற்றி எழுதுகிறேன். இதில் முதலில் தவறியவன் நானே.

எங்கள் பள்ளி மாதிரித் தேர்வில் கேட்டிருந்த கணக்கு இது. 0.5 மீட்டர் நீளமுள்ள கிடைமட்டக் கம்பியில் 2 ஆம்பியர் மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. வடக்கு நோக்கிய சீரான காந்தப்புலத்தின் மதிப்பு 0.3 டெஸ்லா, விசையின் எண்மதிப்பையும் திசையையும் காண வேண்டும். F = BIl sinθ என்பதில் கோணம் 90° என்பதால் விசை 0.3 நியூட்டன், திசை செங்குத்தாக மேல்நோக்கி. சூத்திரத்துக்கு ஒன்று, அலகோடு கூடிய மதிப்புக்கு ஒன்று, திசைக்கு ஒன்று என மூன்று மதிப்பெண். விடைக்குறிப்பில் திசைக்கு நேராக நான் எழுதி வைத்திருந்தது "ஃபிளெமிங் இடக்கை விதி" என்ற மூன்று சொற்களை மட்டுமே.

ஒரு மாணவி, "வலக்கையின் ஆள்காட்டி விரல் மின்னோட்டம், நடுவிரல் காந்தப்புலம், பெருவிரல் விசை, எனவே மேல்நோக்கி" என்று எழுதியிருந்தாள். வலக்கை என்ற சொல்லைக் கண்டதுமே கோடிழுத்துவிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் மேசையருகே வந்து நின்று, ஒன்றும் பேசாமல் வலக்கையை நீட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரல் கிழக்கே, நடுவிரல் வடக்கே, பெருவிரல் கூரையைப் பார்த்தபடி இருந்தது. நான் இடக்கையை எடுத்து, ஆள்காட்டி விரலை வடக்கேயும் நடுவிரலைக் கிழக்கேயும் வைத்துப் பார்த்தேன். என் பெருவிரலும் கூரையைத்தான் பார்த்தது.

காரணம் எளிது. ஃபிளெமிங் விதியில் கையை மட்டும் மாற்றினால் திசை தலைகீழாகும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரியவற்றை இடம் மாற்றினாலும் தலைகீழாகும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சரியான திசையே திரும்பக் கிடைக்கும். இதைத் தற்செயலாகச் சரிவந்த விடை என்று ஒதுக்க முடியாது. விசையை மின்னோட்டத் திசைக்கும் புலத்துக்கும் உள்ள வெக்டர் பெருக்கலாக நாமே கரும்பலகையில் எழுதுகிறோம். அதற்கான வலக்கை விதியைத்தான் அவள் விரல்களில் பிடித்திருந்தாள். வலக்கை விரல்களைப் புலத்தின் வழியே வடக்கே நீட்டி, பெருவிரலை மின்னோட்டத்தின் வழியே கிழக்கே வைத்து, உள்ளங்கை பார்க்கும் பக்கமே விசை என்று எழுதுகிற மாணவருக்கும் மேல்நோக்கி என்றே வரும்.

ஆகவே விடையில் நாம் தேட வேண்டியது எந்தக் கை என்பதை அல்ல, எந்த விரலுக்கு எதைக் கொடுத்திருக்கிறார் என்பதையே. "வலக்கை, ஆள்காட்டி விரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், எனவே கீழ்நோக்கி" என்ற விடை தவறுதான், அது மின்னியற்றிக்குரிய விதியை இங்கே கொண்டுவந்து பொருத்தியதால் நேர்ந்தது. அப்போதும் இழக்க வேண்டியது திசைக்குரிய ஒரு மதிப்பெண்ணை மட்டுமே, 0.3 நியூட்டனுக்கு உரியதில் கை வைக்க வேண்டாம். மாறாக, விதியைச் சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டுக் கடைசியில் "கீழ்நோக்கி" என்று முடிப்பவருக்குத் திசை மதிப்பெண்ணைத் தந்துவிடுகிறோமே, அதுவும் சரியில்லை. விதியைக் கூறுக என்று கேட்ட வினா வேறு, திசையைக் காண்க என்று கேட்ட வினா வேறு.

எலக்ட்ரான்கள் நகரும் திசையை வினாவில் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். எலக்ட்ரான் போகும் பக்கமே நடுவிரலை வைத்து இடக்கையைப் பயன்படுத்தியவருக்குத் திசை தலைகீழாகும். ஆனால் அதே விரல் அமைப்பை வலக்கையில் வைத்தவர் எதிர்மின்னூட்டத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறார். அவர் விடை சரி.

"மேல்நோக்கி" என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். கிழக்கு, வடக்கு என்று திசைகளைச் சொன்ன மேற்கண்ட கணக்கில் அதற்கு ஒரே பொருள். வினாவில் படம் தந்து, புலத்தைப் புள்ளிகளாலோ பெருக்கல் குறிகளாலோ காட்டியிருந்தால், தாளின் மேல்விளிம்பு நோக்கியா, தாளைவிட்டு நம்மை நோக்கியா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. அங்கே மாணவர் படத்தில் அம்புக்குறி போட்டிருந்தால் அதையே விடையாகக் கொள்ளுங்கள்.

அடுத்த திருத்தத்துக்கு முன் கூடும்போது, விடைக்குறிப்பில் விதியின் பெயர் மட்டும் உள்ள வரியை, "திசை: செங்குத்தாக மேல்நோக்கி, பொருந்தும் எந்தக் கை விதியும் ஏற்கப்படும், விதி குறிப்பிடப்படாவிட்டாலும் மதிப்பெண் உண்டு" என்று மாற்றி எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்