புள்ளியும் கூட்டல் குறியும் யாருக்குப் பொருட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில், மின்னஞ்சல் முகவரியில் புள்ளியைச் சேர்த்தாலும் விட்டாலும், பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும், அஞ்சல் ஒரே பெட்டிக்குத்தான் போய்ச் சேரும் என்று வாசகர் ஒருவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. அந்த வாசகர் தனிப்பட்ட ஜிமெயில் முகவரி வைத்திருப்பவரானால் அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அதை எல்லா முகவரிகளுக்கும் பொதுவான விதியாக எழுதியிருப்பது சரியல்ல. கல்லூரி ஒன்றின் அஞ்சல் சர்வரைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில், இந்தத் தவறான நம்பிக்கையால் காணாமல்போன அஞ்சல்களைத் தேடி அலைந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

முகவரியில் `@` குறிக்கு வலப்பக்கம் இருப்பது டொமைன் பெயர். அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு எங்குமே கிடையாது; `EXAMPLE.COM` என்றாலும் `example.com` என்றாலும் ஒன்றுதான். இடப்பக்கம் இருக்கும் பயனர் பெயரின் கதை வேறு. அஞ்சல் பரிமாற்றத்துக்கான இணைய விதிகளைத் தொகுக்கும், 2008ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 5321 என்ற ஆவணம், இடப்பக்கத்துக்குப் பொருள் சொல்லும் உரிமையை அஞ்சலைப் பெறும் சர்வருக்கு மட்டுமே தருகிறது. அனுப்புகிறவரோ வழியில் கைமாற்றுகிறவரோ அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது. ஆகவே புள்ளி பொருட்டா இல்லையா என்று கேட்டால், எந்தச் சர்வரில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது.

ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. `arulselvi` என்ற பெயரை ஒருவர் அங்கே வாங்கிவிட்டால் `arul.selvi` என்பதும் `a.rulselvi` என்பதும் அவருடையவையே. வேறொருவர் அவற்றைப் பதிவு செய்ய இயலாது. ஆனால் இந்தச் சலுகை `gmail.com` முகவரிகளுக்குத்தான். அலுவலகமோ பள்ளியோ தன் சொந்த டொமைனில் கூகுளின் சேவையை வாங்கிப் பயன்படுத்தும்போது, திரையில் தெரிவது அதே ஜிமெயில் தோற்றமாக இருந்தாலும், அங்கே புள்ளி முகவரியின் ஒரு பகுதியாகிவிடும். அவுட்லுக்கிலும் அப்படியே. அங்கெல்லாம் `arul.selvi` ஒருவராகவும் `arulselvi` இன்னொருவராகவும் இருக்கலாம். புள்ளியை விட்டு அனுப்பிய சம்பளச் சீட்டு திரும்பி வராமல், முன்பின் தெரியாத ஒருவரின் பெட்டியில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்வதும் அதனால்தான்.

ஜிமெயிலின் இந்த ஏற்பாட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கணக்கு தொடங்கச் சொல்லும் இணையதளங்கள் பெரும்பாலும் `arulselvi`, `arul.selvi` இரண்டையும் இரு வேறு ஆட்களாகவே கருதுகின்றன. அஞ்சல் மட்டும் ஒரே பெட்டிக்கு வருகிறது. முகவரியைச் சரிபார்க்காமலே கணக்கு தொடங்கவிடும் கட்டணச் சேவை ஒன்றில், யாரோ ஒருவர் உங்கள் முகவரியைப் புள்ளி வைத்துக் கொடுத்துக் கணக்குத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அட்டையில் பணம் கிடைக்காமல் போனால், அட்டை விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல் உங்களுக்குத்தான் வரும். அது போலி அஞ்சல் அல்ல, நிறுவனமே அனுப்பியதுதான். அதை நம்பி உங்கள் அட்டை எண்ணைக் கொடுத்தால், அவருடைய கணக்குக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். அத்தகைய அஞ்சல் வந்தால் பெறுநர் வரியில் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

அடுத்து, பெரிய எழுத்து. மேற்சொன்ன ஆவணத்தின்படி பயனர் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகவே கருதப்பட வேண்டியவை. எனினும் அந்த வேறுபாட்டை நம்பி யாரும் பெட்டி அமைக்க வேண்டாம் என்று அதே ஆவணம் அறிவுறுத்துகிறது. நடைமுறையில் இன்று நாம் புழங்கும் சர்வர்கள் ஏறக்குறைய எல்லாமே வேறுபாடு பார்ப்பதில்லை, அஞ்சல் வந்து சேர்ந்துவிடும். சிக்கல் அஞ்சலில் இல்லை, வாசலில் இருக்கிறது. என் அக்கா ஒரு மருத்துவமனையின் இணையதளத்தில் கைப்பேசி வழியாகப் பதிவு செய்தபோது, விசைப்பலகை வழக்கம்போல் முதல் எழுத்தைத் தானாகவே பெரியதாக்கியதை அவர் கவனிக்கவில்லை. உறுதிப்படுத்தும் அஞ்சல் ஒழுங்காக வந்தது, பரிசோதனை முடிவு தயார் என்ற அறிவிப்பும் வந்தது. ஆனால் கணினியிலிருந்து சிறிய எழுத்தில் உள்ளே நுழைய முயன்றபோது, அப்படி ஒரு கணக்கே இல்லை என்று தளம் சாதித்தது. மூன்று நாள் தொலைபேசியில் மல்லுக்கட்டிய பிறகு, பழைய அஞ்சலின் பெறுநர் வரியில் இருந்த பெரிய எழுத்தை நான் பார்த்து, அதேபோல் தட்டச்சு செய்ததும் கதவு திறந்தது. பிழை அந்தத் தளத்தை எழுதியவர்களுடையது, அலைச்சல் அக்காவுடையது.

கூட்டல் குறியும் இப்படித்தான். `arulselvi+minkattanam` என்று கொடுத்தால் ஜிமெயில், கூட்டலுக்குப் பின்னால் இருப்பதை ஒதுக்கிவிட்டு `arulselvi` பெட்டியில் போடும். யாருக்குக் கொடுத்த முகவரி என்று பார்த்து வடிகட்டிக்கொள்ளலாம். அவுட்லுக்கும் ஐகிளவுடும் இதை ஏற்கின்றன. நான் பராமரித்த, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் ஓடிய சர்வரிலோ, இது நிறுவும்போதே இருக்கும் வசதி அல்ல. அமைப்புக் கோப்பில் இந்த ஒரு வரி இருக்க வேண்டும்:

```
recipient_delimiter = +
```

வரி இருந்தால் சர்வர் முதலில் முழுப் பெயரில் பெட்டி இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் கூட்டலோடு பின்னொட்டை வெட்டிவிட்டு மறுபடி தேடும். வரி இல்லையென்றால் அப்படி ஒரு பயனரே இல்லை என்று அஞ்சலைத் திருப்பிவிடும்.

பெட்டி ஏற்றுக்கொண்டாலும் இணையதளம் சொதப்பக்கூடும். சில படிவங்கள் கூட்டல் குறியைச் செல்லாத எழுத்து என்று மறுத்துவிடுகின்றன. அது குறைந்தபட்சம் உடனே தெரிந்துவிடும். விளம்பர அஞ்சலின் அடியில் இருக்கும் விலகல் இணைப்புதான் மோசம். இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் `+` வழக்கமாக இடைவெளி என்று படிக்கப்படும்; உண்மையான கூட்டல் வேண்டுமானால் `%2B` என்று எழுத வேண்டும். அதை மறந்த நிறுவனத்தின் இணைப்பை அழுத்தினால், சர்வர் `arulselvi minkattanam` என்று நடுவில் இடைவெளியுள்ள பெயரைத் தேடும். அது பட்டியலில் இருக்காது, ஆகவே எத்தனை முறை விலகினாலும் விளம்பரம் நிற்காது. உலாவியின் முகவரிப் பட்டையில் `+` இருக்கும் இடத்தை `%2B` என்று கையால் மாற்றி மீண்டும் அழுத்திப் பாருங்கள். எனக்கு இரண்டு முறை இதனால் வேலை நடந்திருக்கிறது.

தம் சர்வர் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய விரும்பும் வாசகர்கள், வேறொரு கணக்கிலிருந்து தமக்கே மூன்று அஞ்சல் அனுப்பிப் பார்க்கலாம்: புள்ளியை எடுத்துவிட்டு ஒன்று, கூட்டல் சேர்த்து ஒன்று, முதல் எழுத்தைப் பெரியதாக்கி ஒன்று. `550 5.1.1` என்ற எண்ணோடு திரும்பி வந்தால் அப்படிப் பெட்டி இல்லை என்று பொருள். திரும்பியும் வராமல், ஸ்பேம் பெட்டியிலும் இல்லாமல் போனால், அது வேறு யாருடைய பெட்டிக்கோ போயிருக்கக்கூடும். எனவே சோதனை அஞ்சலில் ‘வணக்கம்’ என்பதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் சர்வர் பராமரிப்பாளர்,
தஞ்சாவூர்.