பாதியில் திரும்புகிறேன், கோபிக்காதீர்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடிகாலையில் நடக்கும் தோழிகளுக்கு,

வணக்கம். நேற்று காந்தி சிலையருகே நான் திரும்பியபோது, "அதற்குள்ளாகவா? இன்னும் ஒரு சுற்று வாருங்கள் அக்கா, வலியெல்லாம் ஓடிவிடும்" என்று அன்போடு கையைப் பிடித்து இழுத்தீர்கள். ஏன் வரவில்லை என்பதை நின்று சொல்லும் தெம்பு அப்போது இல்லை.

எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. கழுத்து முதல் கால்வரை மாதக்கணக்கில் வலி. இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. காய்கறிப் பையின் வார் பட்ட தோள் மாலைவரை எரியும். ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. மூட்டும் தசையும் கெட்டுப்போகவில்லை. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் வலி குறைந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் உங்களோடு முக்கால் மணி நேரம் நடந்தேன். மறுநாள் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. மூன்று நாள் படுக்கை; பிறகு பயந்துபோய் இரண்டு வாரம் வாசல் தாண்டவில்லை. அந்த ஓய்வில் உடல் இன்னும் வலுவிழந்தது. அதன்பின் பத்து நிமிட நடையே பாரமாயிற்று.

பிசியோதெரபிஸ்ட் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மிக மோசமான நாளிலும் உங்களால் எவ்வளவு நடக்க முடியும்?" 7 நிமிடம் என்றேன். அதிலிருந்தே தொடங்கினோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில். நல்ல நாளிலும் அதற்குமேல் கூடாது என்றார். எனக்கு அதுதான் கடினமாக இருந்தது. இரண்டு வாரம் சீராகப் போனால் ஒரு நிமிடம் கூட்டலாம். நடந்தபின் சற்று வலிப்பது இயல்பு. கூடுதல் வலி இரண்டு நாளைத் தாண்டினால் பழைய அளவுக்கு இறங்க வேண்டும்.

ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2016-ல் புதுப்பித்த பரிந்துரைகளில், உறுதியாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். தொடர்ந்து செய்தால் வலியும் குறையும், உடலின் இயக்கமும் மேம்படும். ஆனால் பலன் தெரியப் பல வாரங்கள் பிடிக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சிறு உழைப்புக்கே நாள்கணக்கில் நோயாகச் சுருண்டு விழுகிறவர்களுக்கு வேறு நோய் இருக்கலாம். நிமிடங்களைக் கூட்டும் இம்முறை அவர்களுக்குத் தீங்கு செய்யும். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.

இடையில் இரண்டு முறை இறங்கியும், ஐந்து மாதத்தில் 14 நிமிடத்துக்கு வந்திருக்கிறேன். போக 7, வர 7. நேற்று நான் திரும்பிய இடம் அந்தக் கணக்கில் வந்ததுதான்.

நாளையும் வருவேன். அங்கேயே திரும்புவேன். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முடிந்தால் உங்களில் ஒருவர் என்னோடு திரும்பி நடந்து வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் அக்கா