கேள்விக்குக் கெடு திங்கள், இடம் பார்ப்பது புதன்

ஐயா,

சென்ற மாதம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் மழைநீர் வடிகால் டெண்டர் ஒன்றுக்கு, ரேட் போடும் முன் ஒப்பந்தக்காரர்களின் சந்தேகங்களைத் தீர்க்கும் ப்ரீ-பிட் கூட்ட அறிவிப்பு வந்திருந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம், தேதிகளை மட்டும் பாருங்கள். எழுத்துமூலக் கேள்விகளுக்குக் கடைசி நேரம் திங்கள் மாலை 5 மணி. பணியிடத்தைப் பார்ப்பது புதன் காலை 10.30. கூட்டம் அதே புதன் 11.30-க்கு, 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலுவலகத்தில்.

இடத்தைப் பார்த்தால்தானே ஐயா கேள்வியே வரும்?

புதன்கிழமை போய் நின்றோம். பக்கத்து டீக்கடைப் பெரியவர், "ரெண்டு அடிக்குக் கீழ கல்லுதான் தம்பி, எங்க கிணத்துக்கே வெடி வெச்சுத்தான் எடுத்தோம்" என்றார். டெண்டரின் அளவுப் பட்டியலிலோ மண் தோண்டுதல் என்று ஒரே ஒரு வரி, பாறைக்குத் தனி இனமே இல்லை. 1,200 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் 2,160 கன மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பாறை என்று வைத்தாலும் 720 கன மீட்டரை பிரேக்கர் வைத்து உடைத்தாக வேண்டும். கூட்டத்தில் இதைக் கேட்டேன். "கேள்விக்கான தேதி முடிஞ்சுபோச்சு, சைட்டைப் பார்த்தீங்கல்ல, அதுக்கேத்த மாதிரி ரேட் போடுங்க" என்று முடித்துவிட்டார்கள். பாறைச் செலவை மண் ரேட்டில் ஏற்றினால் எல்-1, அதாவது மிகக் குறைந்த ரேட் போட்டவர், ஆக முடியாது, ஏற்றாமல் எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டு கூடுதல் பணிக்குப் பணம் கேட்டு நடப்பார், அதுவரை தெருவில் குழி திறந்தே கிடக்கும்.

2000-ஆம் ஆண்டு டெண்டர் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த 15 நாளே போதும். நான்காம் நாள் இடத்தைக் காட்டுங்கள், ஆறாம் நாள் மாலை வரை கேள்வி வாங்குங்கள், எட்டாம் நாள் கூட்டம், பத்தாம் நாள் பதில்களை எழுத்தில் போர்ட்டலில் ஏற்றுங்கள். ரேட் போட எங்களுக்கு ஐந்து நாள் மிஞ்சும். பதிலை, கேட்டவர் யார் என்று சொல்லாமல், டெண்டர் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. வாய்ப்பதில் அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும்தானே போய்ச் சேரும்?

அப்புறம், கூட்டம் எந்த மாடியில், இடத்தைக் காட்டப்போவது யார், அவருடைய அலுவலகக் கைபேசி எண் என்ன என்று இரண்டு வரி சேர்த்து அச்சிடச் சொல்லுங்கள். அன்றைக்கு மூன்று பேர் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு மணி வரை காத்திருந்தார்கள். கூட்டம் இரண்டாம் மாடியில் அதற்குள் முடிந்திருந்தது.

ஒரு சிறு ஒப்பந்தக்காரர்,
திருச்செங்கோடு