ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் முடிவானது

கோயம்புத்தூர்
14-10-2019

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அப்பாவுக்குக் கண் கட்டு பிரித்தாயிற்றா? கடைசி சனிக்கிழமைக்குப் பெருமாள் கோயில் என்று சொல்லிவிட்டு மோல்டிங் தம்பிகள் இரண்டு பேரும் உன் பின்னாடியே ஊருக்கு வந்துவிட்டார்கள். அதனால் நேற்றைய கூட்டத்தில் உங்கள் மூன்று பேர் வரிசையும் காலி. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். அவர்களுக்கும் படித்துக் காட்டு.

94 பேரில் 61 பேர் வந்திருந்தார்கள். புரட்டாசி என்பதால் வடையோடு சரி, வேறு செலவில்லை. பேச்சு முழுக்கப் போனஸ்தான்.

நிர்வாகம் கடைசியாகச் சொன்னது 15 சதவீதம். போன வருஷம் 12 கொடுத்தார்கள் அல்லவா, மூன்று ஏறியிருக்கிறது என்றதும் பின் வரிசையில் கைதட்டலே கேட்டது. இன்னொரு சங்கம் அதற்குத் தலையாட்டிவிட்டது என்றும் பேச்சு. நம் பொருளாளர் மட்டும் எழுந்து, "சதவீதத்தை விடுங்கப்பா, எதன் மேல் சதவீதம்?" என்று கேட்டார். அப்புறம் போர்டில் சாக்பீஸால் ஒரு கணக்குப் போட்டார். அதை அப்படியே எழுதுகிறேன்.

போனஸ் சட்டம் 1965-ல் வந்தது. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. சட்டப்படி போனஸ் பெறத் தகுதியுள்ளவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், கணக்குக்கு ஒரு உச்ச வரம்பு வைத்துத்தான் போனஸ் போடுவார்கள். அது முன்பு மாதம் 3,500 ரூபாய். பிறகு சட்டத்தைத் திருத்தி 7,000 ஆக்கினார்கள். திருத்தம் அதோடு நிற்கவில்லை. "7,000 அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அது" என்று எழுதியிருக்கிறது. நம் நிர்வாகம் முதல் பாதியை மட்டும் படித்துக்கொண்டு வருகிறது.

குறைந்தபட்ச ஊதியம் வேலைத் தரத்துக்குத் தக்கபடி மாறும், பஞ்சப்படியும் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். கணக்குக்கு வசதியாக 9,500 என்று வைத்துக்கொண்டார். நிர்வாகத்தின் கணக்குப்படி 7,000, பன்னிரண்டு மாதத்துக்கு 84,000, அதில் 15 சதவீதம் 12,600 ரூபாய். 9,500-ஐ அடிப்படையாக வைத்தால் வருஷத்துக்கு 1,14,000. அதில் போன வருஷத்து அதே 12 சதவீதம் போட்டாலும் 13,680 வருகிறது. அதாவது மூன்று சதவீதம் ஏறியும், ஏறாததைவிட 1,080 ரூபாய் குறைவு! கைதட்டினவர்கள் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை.

எனக்குத்தான் அதிகம் உறைத்தது. போன வருஷமும் 7,000 மேல்தான் போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டவன் நான். இதைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனவே முதல் தீர்மானம்: குறைந்தபட்ச ஊதியத்தை அடிப்படையாக வைத்தால்தான் சதவீதத்தைப் பற்றிப் பேசுவது. கோரிக்கை 20 என்று நோட்டில் எழுதியிருக்கிறோம். எதற்கு இறங்கி வருவோம் என்பதை எழுதவில்லை, நீயும் டீக்கடையில் யோசனை சொல்லிக்கொண்டிருக்காதே.

அடுத்து, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சு. நிர்வாகமும் சங்கமும் தனியாக உட்கார்ந்து போட்டுக்கொள்வது தொழில் தகராறு சட்டத்தின் 18(1) ஒப்பந்தம். அது கையெழுத்துப் போட்ட தரப்புகளைத்தான் கட்டும். சமரச அலுவலர் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து அங்கே போடுவது 12(3). அது சங்கத்தில் இல்லாதவர், நாளைக்கு வேலைக்குச் சேருகிறவர் உட்பட எல்லோரையும் கட்டும். இன்னொரு சங்கம் 15-க்கு 18(1) போட்டால் அது நம்மைக் கட்டாது. ஆனால் அதைக் காட்டி ஒவ்வொருவராக அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "இதுவே முழுத் தீர்வு" என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 12(3) தவிர வேறு எதிலும் கையெழுத்தில்லை என்று இரண்டாவது தீர்மானம் போட்டோம். சமரச அலுவலரிடம் மனு இன்று காலை கொடுத்தாயிற்று, முத்திரை குத்திய நகல் என் பையில் இருக்கிறது.

சண்டை வந்தது வேலைநிறுத்தத்தில்தான். கோர் செக்‌ஷன் பையன்கள் நாளைக்கே இறங்குவோம் என்று குதித்தார்கள். தீபாவளி 27-ம் தேதி, அதற்குள் முடிக்காவிட்டால் விட்டுக்கொடுத்த மாதிரி என்றார்கள். தீபாவளிக்கு முன்னால் கொடுப்பது வழக்கம், சட்டம் இல்லை. கணக்கு வருஷம் மார்ச் 31-ல் முடிந்தால் அதிலிருந்து எட்டு மாதம், அதாவது நவம்பர் 30 வரை நிர்வாகத்துக்கு நேரம் உண்டு. அவசரம் நமக்குத்தான், நம் வீட்டில்தான் துணிக்கடைக் கணக்கு ஓடுகிறது. அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

உலையடிப் பெரியவர்தான் ஒரு வழி சொன்னார். அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட 12,600-ஐ பண்டிகைக்கு முன்பே 'கணக்கில் வைத்து' கொடுக்கட்டும், தகராறில் இருக்கும் மிச்சத்தைச் சமரசத்தில் பார்த்துக்கொள்வோம் என்றார். முன்னால் கொடுத்த பண்டிகைப் பணத்தைப் பிறகு போனஸில் கழித்துக்கொள்ள நிர்வாகத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதனால் அவர்களுக்கு நஷ்டமில்லை. ஓட்டு எடுத்ததில் 9 பேர் எதிர்ப்பு, மிச்சம் எல்லோரும் சரி என்றார்கள். வரும் புதன்கிழமை கேட் கூட்டம், கறுப்பு பேட்ஜ். நிர்வாகம் மறுத்தால் அவசரக் கூட்டம் போட்டுத்தான் வேலைநிறுத்தம் பற்றி முடிவு. எனக்கும் இப்போதே இறங்குவதில் மனமில்லை, தீபாவளிக்கு முந்தைய வாரச் சம்பளத்தை நாமே விடுவது போல ஆகிவிடும்.

இனி உன் விஷயம். நிர்வாகம் ஒட்டியிருக்கும் பட்டியலில் உனக்கு 61 நாள் கழித்திருக்கிறார்கள். பிப்ரவரியில் கிரைண்டர் வீல் உடைந்து உன் கையில் அடித்ததே, அந்த 46 நாளும் இதில் இருக்கிறது. வேலையில் நடந்த விபத்தால் வர முடியாமல் போன நாட்களை வேலை செய்த நாட்களாகவே எண்ணச் சொல்கிறது சட்டம். அதைத் திருத்தச் சொல்லித் தனித் தீர்மானமே போட்டாயிற்று. மஞ்சள்காமாலைக்கு நீ இ.எஸ்.ஐ.யில் போட்ட 15 நாளுக்கு அந்தச் சலுகை இல்லை, அது போனது போனதுதான். சம்பளத்தோடு எடுத்த விடுப்பாக இருந்தால் தப்பியிருக்கும்.

வரும்போது மூன்று பேரும் 2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரைக்குமான சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பஞ்சப்படி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் போனஸ் கணக்கில் சேராது. அந்தத் தலைப்புகளில் பணத்தைத் தள்ளி அடிப்படையைக் குறைத்திருக்கிறார்களோ என்று பொருளாளருக்குச் சந்தேகம். நீ அந்த விபத்து அறிக்கையின் நகலையும் எடுத்து வை. அதுவரைக்கும் அலுவலகத்திலிருந்து போன் வந்தால், "வந்து பேசுகிறேன் சார்" என்பதோடு நிறுத்து. எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். பணம் கொடுத்தால் வாங்கிக்கொள், "கணக்கில் வைத்து, எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்" என்று உன் கையால் எழுதிவிட்டு வாங்கு.

சந்தாப் பாக்கி உனக்கு இரண்டு மாதம், சின்னத் தம்பிக்கு மூன்று. பொருளாளர் என்னிடம் கேட்கிறார், நான் உன்னிடம் கேட்கிறேன். அம்மாவிடம் சொல்லி அந்தக் கறிவேப்பிலைப் பொடி ஒரு டப்பா கொடுத்தனுப்பு.

உன்,
மச்சான்
(சங்கச் செயலாளர்)