அத்திமரமும் 1948-ம்: வருகையைப் பிரசங்கிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டாம் வருகைக் கூட்டங்களிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் தீர்க்கதரிசனச் செய்தி கொடுக்கும் போதகர்களுக்கும் ஊழியர்களுக்கும், கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

கிறிஸ்து மறுபடியும் வருவார் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் வேற்றுமை இல்லை. அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் இந்த மடல். "நான் நாள் குறிக்கவில்லை, காலத்தைத்தான் சொல்கிறேன்" என்று செய்தியின் தொடக்கத்தில் சொல்லிவிட்டு, முடிவில் கேட்கிறவன் தானே ஒரு வருடத்தைக் கூட்டிக்கொள்ளும்படி எல்லா எண்களையும் கையில் கொடுத்து அனுப்புகிறோம். நாள் குறிப்பது கடைசி வாக்கியத்தில் அல்ல, அதற்கு முந்தின மூன்று வாக்கியங்களிலேயே நடந்துவிடுகிறது.

நம் மேடைகளில் அதிகம் கேட்கிற கணக்கையே எடுத்துப் பார்ப்போம். மத்தேயு 24:32-ல் வரும் அத்திமரம் இஸ்ரவேல். அது துளிர்த்த நாள் 1948 மே 14. "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று 34-ஆம் வசனம் சொல்கிறது. ஒரு சந்ததிக்கு 40 வருடம். ஆக, 1988. ஏழு வருட உபத்திரவ காலத்தைக் கழித்தால் சபை எடுத்துக்கொள்ளப்படுவது 1981. இப்படிச் சொல்லப்பட்டது, இரண்டு வருடங்களும் கடந்துபோயின. உடனே தொடக்கத்தை எருசலேம் பிடிபட்ட 1967-க்கு மாற்றி 2007 என்றார்கள். அதுவும் போனது. பிறகு சங்கீதம் 90:10-ஐ எடுத்து, சந்ததி என்பது 70 வருடம் என்று 2018-க்கு வந்தார்கள். இப்போது அதே வசனத்தின் 80-ஐப் பிடித்து 2028 என்கிறார்கள். தொடக்கத்தையும் நீளத்தையும் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள முடிகிற கணக்கு ஒருநாளும் பொய்க்காது, தள்ளித்தான் போகும். இதுவே அதை அடையாளம் காணும் வழி.

கணக்கின் முதல் கண்ணியே நிற்காது. இதே உவமையை லூக்கா 21:29 எப்படிச் சொல்கிறது? "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்." அத்தி இஸ்ரவேல் என்றால் மற்ற மரங்கள் எந்தெந்த நாடுகள்? இயேசு சொன்னது எந்த விவசாயிக்கும் தெரிந்த செய்தி: இலை துளிர்த்தால் கோடை சமீபம். அடுத்த கண்ணி 40. வனாந்தரத்தில் அலைந்து மாண்ட தலைமுறையைப் பற்றி எண்ணாகமம் 32:13 சொல்வது அது. எல்லாச் சந்ததிக்கும் அதுவே அளவு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"இந்தச் சந்ததி" என்ற சொல் மத்தேயு 23:36-லும் வருகிறது. அங்கே அது இயேசுவின் முன் நின்றவர்களையே குறிக்கிறது. அடுத்த அதிகாரம் தேவாலயக் கட்டடங்களைப் பார்ப்பதில் தொடங்குகிறது, கல்லின்மேல் கல் இராது என்கிறார், கி.பி. 70-ல் ரோமப் படை எருசலேமை அழித்தது. ஆகவே 24:34 முதலில் அந்தத் தலைமுறைக்கே சொல்லப்பட்டது என்று கொள்வோர் உண்டு, கடைசிக் காலத் தலைமுறையைச் சொல்கிறது என்போரும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், மற்றப் பக்கமும் இருக்கிறது என்று சபைக்குச் சொல்லுங்கள். 24-ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை வாசிக்காமல் நேராக மூன்றாம் வசனத்துக்குப் போகும் பழக்கத்தை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

நாள் குறித்தவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் வேதத்தைக் கவனமாய் வாசித்தவர். தானியேல் 8:14-ன் 2300 நாளை வருடங்களாக்கி, கி.மு. 457-லிருந்து எண்ணி 1843-க்கு வந்தார். கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவே பூஜ்ய வருடம் இல்லை என்பது பிறகு தெரிந்து 1844 ஆயிற்று. கடைசியில் அவருடைய இயக்கம் அக்டோபர் 22-ஐப் பிடித்துக்கொண்டது. கூட்டல் திருந்தியதே ஒழிய, ஒரு நாளை ஒரு வருடமாக்கலாம் என்ற ஊகம் அங்கேயே இருந்தது. நம் பக்கத்திலேயே திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த வித்துவான் குட்டி 1881-ஐச் சொன்னார். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று சொல்லப்பட்டபோது ஜனங்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். அதை அறிவித்த தலைவர் மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டார். அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்களை அவர் வாங்கிவைத்திருந்தார்.

இனி பயத்தைப் பற்றி. பூமியதிர்ச்சி, யுத்தம், கொள்ளைநோய் வந்தவுடன் மத்தேயு 24:7-ஐ வாசிக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தின் முடிவு என்ன? "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்... ஆனாலும், முடிவு உடனே வராது." யுத்தச் செய்தியைக் கேட்டு முடிவு வந்துவிட்டது என்று எண்ணாதே என்பதற்காகச் சொன்ன வசனத்தை, நாம் முடிவு வந்துவிட்டது என்பதற்கு ஆதாரமாக்கிவிட்டோம். தினசரியை ஒரு கையிலும் வேதத்தை மறு கையிலும் பிடித்து மேடையேறும் நாளில் இந்த ஆறாம் வசனத்தை முழுதும் உரக்க வாசியுங்கள். பாதிச் செய்தி தானாகவே குறைந்துவிடும். பார்கோடு, ஆதார், தடுப்பூசி என்று மிருகத்தின் முத்திரைக்கு ஆள் மாற்றிக்கொண்டே போனதும் இதே கோளாறுதான். முத்திரை என்பதை வெளிப்படுத்தல் 13-ல் நிறுத்தாமல் 14:1 வரைக்கும் வாசித்தால், பிதாவின் நாமம் நெற்றியில் எழுதப்பட்டவர்கள் அங்கே நிற்கிறார்கள். யாரைத் தொழுகிறாய் என்பதே கேள்வி.

1 தெசலோனிக்கேயர் 4:13-18 எழுதப்பட்டது மரித்தவர்களுக்காகத் துக்கித்தவர்களுக்கு. பகுதி முடிகிற வசனம், "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." செய்தியைத் தயாரித்தபின் ஒரே சோதனை: போன மாதம் கணவனை அடக்கம்பண்ணிய விதவை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் தேறுவாளா? சிறுவர் முகாமில் விளக்கை அணைத்து, எக்காளம் ஊதி, "அம்மாவைக் காணோம்" என்று நாடகம் போடுவதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை வீட்டில் அம்மாவைக் காணாதபோதெல்லாம் தான் கைவிடப்பட்டதாக நினைத்து அழும். அழுகையில் எடுத்த தீர்மானத்தை மனந்திரும்புதல் என்று கணக்கெழுத வேண்டாம்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் சொல்ல முயல்வதால்தான் ஊகம் நுழைகிறது. நான்கு ஞாயிறு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் மத்தேயு 24:1-14, அடுத்தது 15-35, மூன்றாவது 36-51, நான்காவது 25-ஆம் அதிகாரம். மூன்றாம் வாரம்தான் முக்கியமானது. அந்த நாளை யாரும் அறியார் என்று சொன்ன கையோடு இயேசு எதைக் காட்டுகிறார்? ஏற்றவேளையில் வீட்டாருக்குப் போஜனம் கொடுக்கிற ஊழியக்காரனை. விழித்திருப்பது வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல, சமையல் நேரத்துக்கு நடப்பதுதான். குறிப்பெழுதும்போது வசனம் சொல்வதைக் கறுப்பு மையிலும், உங்கள் கணிப்பைச் சிவப்பு மையிலும் எழுதிப்பாருங்கள். சிவப்பில் இருப்பதை "என் எண்ணம்" என்று சொல்லாமல் மேடையில் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே ஒரு வருடத்தைச் சொல்லிவிட்டவர்கள் என்ன செய்வது? 2011 மே 21 என்று வானொலியில் அறிவித்த அமெரிக்கரான ஹெரால்ட் கேம்பிங், முதலில் அக்டோபர் 21-க்கு மாற்றினார். பிறகு 2012 மார்ச்சில்தான், நாள் குறித்தது பாவம் என்று எழுதி ஒப்புக்கொண்டார். அதற்குள் எத்தனையோ பேருடைய சேமிப்பு விளம்பரப் பலகைகளாகிவிட்டிருந்தது. அத்தனை காலம் காத்திராதீர்கள். எந்தப் பிரசங்க பீடத்தில் சொன்னீர்களோ அதே பீடத்தில், அதே ஆராதனை நேரத்தில், சொன்ன வருடத்தையும் சொன்ன வாக்கியத்தையும் குறிப்பிட்டு, தவறு என்று சொல்லுங்கள். "ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறியது" என்று புதுப் பொருள் சொல்லாதீர்கள். யூடியூபில் அந்தச் செய்தி இருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் பேச்சை நம்பி யாராவது படிப்பையோ வேலையையோ மருந்தையோ விட்டிருந்தால், மூப்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

இப்படிக்கு,
வேதபாடம் கற்பிக்கும் சில சகோதர சகோதரிகள்