தவறான விடைக்கும் ஒரு காரணம் வேண்டும்: மரபியல் வினா தயாரிப்பவர்களுக்கு ஒரு மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்து, பயிற்சித்தாளும் தயாரிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு,

வணக்கம். மரபியல் பாடத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். சரியான விடையை எழுதுவதில் நம்மில் யாருக்கும் சிரமமில்லை. மற்ற மூன்றையும் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் நிரப்பிவிடுகிறோம். கோளாறு அங்கேதான்.

அண்மையில் என் கைக்கு வந்த ஒரு தாளில் இப்படி ஒரு வினா:

நெட்டைப் பட்டாணிச் செடியைக் குட்டைச் செடியுடன் கலப்பு செய்தால் கிடைப்பவை:
அ) அனைத்தும் நெட்டை
ஆ) அனைத்தும் குட்டை
இ) பாதி நெட்டை, பாதி குட்டை
ஈ) நடுத்தர உயரம்

விடைக்குறிப்பில் ‘அ’ என்று இருந்தது. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “சார், அந்த நெட்டை தூய நெட்டைன்னு எங்க போட்டிருக்கு?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தச் செடி TT என்றால் ‘அ’ சரி. Tt என்றால் பாதிக்குப் பாதி குட்டை வரும், ‘இ’ சரி. ‘தூய’ என்ற ஒரு சொல் விட்டுப்போனதால் நன்றாகப் படித்த பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது, மனப்பாடம் செய்த பிள்ளைக்குக் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே வினாவில் ‘ஈ’ அருமையான தவறான விடை. இரண்டு வண்ணம் கலந்தால் நடுவில் ஒரு வண்ணம் வருவதுபோலப் பண்புகளும் கலந்துவிடும் என்று நினைக்கும் பிள்ளை அதைத்தான் தொடும். ‘ஆ’வை யாரும் தொடமாட்டார்கள். அது இடத்தை அடைக்க வந்தது.

சரி, எப்படி எழுதலாம்? மாணவர் எங்கே வழுக்குவார் என்பதை முதலில் யோசித்து, அந்த வழுக்கல் கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்ணையே தவறான விடையாக வைக்கலாம். ஓர் உதாரணம்:

தூய நெட்டை, தூய குட்டை கலப்பில் வந்த முதல் தலைமுறைச் செடிகள் தன்மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. இரண்டாம் தலைமுறையில் நெட்டையாக வளர்ந்த செடிகளில் கலப்பு நெட்டையின் பங்கு:
அ) 1/2
ஆ) 2/3
இ) 3/4
ஈ) 1/3

புன்னட் கட்டத்தில் TT ஒன்று, Tt இரண்டு, tt ஒன்று. வினா நெட்டைகளை மட்டும் கேட்கிறது. அதனால் குட்டையைத் தள்ளிவிட்டால் மீதி மூன்று, அதில் கலப்பு இரண்டு. விடை 2/3. இப்போது தவறானவற்றைப் பாருங்கள். 1/2 போட்ட பிள்ளை கட்டத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது, குட்டையையும் சேர்த்து எண்ணிவிட்டது. 3/4 போட்டது, 3:1 என்று பார்த்துப் பழகிய கையின் வேலை. வினாவைப் பாதியிலேயே விட்டிருக்கிறது. 1/3 போட்ட பிள்ளை எண்ணியது சரி, ஆனால் தூய நெட்டையை எண்ணியிருக்கிறது, ‘ஹோமோசைகஸ்’, ‘ஹெட்டிரோசைகஸ்’ இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. மூன்று பேருக்கும் மறுநாள் மூன்று விதமாகச் சொல்லித்தர வேண்டும். விடைத்தாளே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இது வெறும் கணக்குமல்ல. நெட்டைச் செடிகளைப் பார்த்து எது தூயது, எது கலப்பு என்று சொல்ல மெண்டலாலும் முடியவில்லை. அதனால் இரண்டாம் தலைமுறை நெட்டைகளில் 100 செடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் 10 விதைகளை விதைத்துப் பார்த்தார். 28 செடிகளின் பிள்ளைகள் எல்லாம் நெட்டை. 72 செடிகளின் பிள்ளைகளில் குட்டையும் கலந்து வந்தது. மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்பதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த வினாவை நடத்தும்போது இதையும் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு வகை வினாவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘Tt × Tt கலப்பில் கிடைத்த 4 விதைகளை நட்டால் எத்தனை குட்டை வரும்?’ என்று கேட்டு, விடை 1 என்கிறோம். ஒவ்வொரு விதைக்கும் குட்டையாகும் வாய்ப்பு 1/4, அவ்வளவுதான். நான்கும் நெட்டையாகவே வர 81/256 வாய்ப்பு உண்டு, அதாவது நூற்றுக்குச் சுமார் 32 முறை ஒரு குட்டைகூட வராது. 400 விதைகள் என்று மாற்றி, ‘ஏறத்தாழ எத்தனை எதிர்பார்க்கலாம்’ என்று கேட்டால் வினா பிழைத்துக்கொள்ளும். மெண்டலுக்கே 1064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை என்றுதான் வந்தது, அச்சாக 3:1 வரவில்லை.

அடுத்த தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு தவறான விடைக்குப் பக்கத்திலும், எந்தக் குழப்பத்தில் இருக்கும் பிள்ளை இதைத் தொடும் என்று பென்சிலால் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை எடுத்துவிட்டு வேறு போடுங்கள். நான்காவது கிடைக்கவே இல்லையென்றால் மூன்றோடு நிறுத்தலாம், பயிற்சித்தாள்தானே. ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று மட்டும் போட்டு நிரப்பாதீர்கள்.

அன்புடன்,
குடியாத்தம் பக்கத்து அறிவியல் ஆசிரியர் ஒருவர்