சிசிடிவி கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பினாங்கு லெபோ பாசார் கடைகள் பலவற்றில் சிசிடிவி உண்டு. ஆனால் ரெக்கார்டரின் நேரமண்டலத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. அது இந்திய நேரமான GMT+05:30 என்றிருக்க, மணியை மட்டும் கையால் திருத்தினால் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். அடுத்த முறை ரெக்கார்டர் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும்போது இரண்டரை மணி நேரம் பின்தங்கிவிடும். இரவு 9.10க்கு நடந்த திருட்டு, பதிவில் மாலை 6.40 என்று நிற்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும்.

ஆகவே முதலில் மலேசிய நேரமான GMT+08:00 தேர்ந்தெடுங்கள். DST-ஐ அணைத்துவிடுங்கள், மலேசியாவில் கோடைகால நேரமாற்றம் கிடையாது. பிறகு இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் NTP வசதியை இயக்கி, சர்வர் முகவரியாக my.pool.ntp.org கொடுங்கள். மறுநாள் கைப்பேசி மணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம், பெரும்பாலும் CR2032தான்.

சம்பவம் நடந்த பிறகு நேரம் தவறு என்று தெரிந்தால், தயவுசெய்து உடனே திருத்தாதீர்கள். ரெக்கார்டர் திரையையும் கைப்பேசி மணியையும் ஒரே படத்தில் எடுங்கள். வித்தியாசத்தை, முந்துகிறதா பிந்துகிறதா என்பதோடு எழுதி வையுங்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பதிவைத் தேடி, பென்டிரைவில் நகல் எடுத்த பிறகே கடிகாரத்தைத் தொடுங்கள். முன்கூட்டியே திருத்தினால், பழைய பதிவு எவ்வளவு விலகியிருந்தது என்று காட்ட வழியிருக்காது.

சிசிடிவி பொருத்துநர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு